சண்டைக்கு மட்டும் தெலுங்கு

எங்கள் வீட்டில் தெலுங்கு இரண்டு காரியங்களுக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்று, நானும் கணவரும் சண்டை போட. இன்னொன்று, பிள்ளைகள் காதில் விழக்கூடாததைப் பேச. மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ். இப்படி ஆனதற்கு யாரைத் திட்டலாம் என்று நான் வெகுநாள் ஆள் தேடினேன். பலரைத் திட்டியும் விட்டேன். அதில் பாதிப் பேர் திட்டு வாங்கத் தகுதியானவர்கள்தான்.

நான் பிறந்தது பாகலூரில். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ். எங்கள் தெருவில் மூன்றும் பேசாத ஆள் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கணவர் வேப்பனப்பள்ளிப் பக்கம், அவருக்கும் தெலுங்குதான். கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரில் வீடு எடுத்தோம். அவர் ஒரு கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப், நான் இன்னொன்றில் இன்ஸ்பெக்ஷன். மகன் நாலு வயது வரை தெலுங்கு தவிர வேறெதுவும் பேசியதில்லை. அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எல்கேஜியில் சேர்த்த முதல் வாரத்திலேயே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பையனுக்கு மரியாதை தெரியவில்லையாம், டீச்சரைப் பார்த்து "நில்லு, நில்லு" என்று அதட்டுகிறானாம். எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. பிள்ளை கேட்டது "நீள்ளு". எங்கள் பேச்சில் தண்ணீர். காலையிலிருந்து தாகத்தில் கேட்டிருக்கிறான், கேட்கக் கேட்க மூலையில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே அந்த டீச்சரம்மாவை ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும். நானோ தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வீட்ல தமிழ் பேசுங்க, இல்லாட்டி இங்கிலீஷ் பேசுங்க. இன்னொரு பாஷையும் சேர்த்துப் பேசினா பிள்ளைக்குத்தான் குழம்பும்" என்றார் டீச்சர்.

மூன்று பாஷையில் வளர்ந்து குழம்பாமல் வேலைக்குப் போகிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனியில் ஒரு சின்ன போல்ட்டைக் கூட கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் பாஸ் பண்ண மாட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே பாஸ் பண்ணினேன். அன்று சாயங்காலம் மகனிடம் டம்ளரை நீட்டி "தண்ணி" என்றேன்.

அவன் ஒரே நாளில் மாறவில்லை. முதலில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் தெலுங்கில் பதில் சொல்வான். பிறகு எங்களை அறியாமல் தெலுங்கில் கேட்டால்கூடத் தமிழில் பதில் வந்தது. இரண்டாம் வகுப்பில், சிநேகிதர்கள் வரும்போது அப்படிப் பேசாதே என்று என்னையே அடக்கினான். அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். அவளுக்குத் தாலாட்டே தமிழில்தான். முடிவு எடுத்தோம் என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. இரண்டாவது பிள்ளைக்கு வந்தபோது வீட்டில் எடுப்பதற்கு முடிவு எதுவும் பாக்கியில்லை.

சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மிச்சத்தை முடித்தார்கள். விசேஷத்துக்குப் போனால் மகளைச் சுற்றி உட்கார்ந்து தெலுங்கில் ஏதாவது கேட்பார்கள். அவள் திக்கித் திணறி ஒரு வார்த்தை சொன்னால் கூடமே சிரிக்கும். என் நாத்தனார் அவளுக்கு "அரவப் பில்ல" என்று பேரே வைத்தாள். அரவம் என்றால் தெலுங்குக்காரர் வாயில் தமிழ். அதில் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருக்கும். மூன்றாவது விசேஷத்திலிருந்து மகள் வாயே திறக்கவில்லை. உடனே அதே நாத்தனார், பிள்ளைக்குச் சொந்த பாஷை சொல்லித்தரவில்லை என்று என்னைக் குறை சொன்னாள்.

போன வருஷம் பெங்களூரில் மொழியைப் பற்றிப் படிக்கும் ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கைப் பதிவு செய்கிறாளாம். யார் யார் கேட்பார்கள், வேண்டாமென்றால் எப்படி அழிக்கலாம் என்றெல்லாம் சொல்லி, ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் கருவியைப் போட்டாள். உடம்பு, உறவு, சமையல், பயிர் என்று ஒரு மணி நேரம் வார்த்தைகள் கேட்டாள். நானும் சொன்னேன். என் மகளுக்குக் கொடுக்காததையெல்லாம் அந்தக் கருவிக்குக் கொடுத்தேன்.

பிறகு ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தாள். வீட்டில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று நிரப்ப வேண்டும். அம்மா மகனிடம், தமிழ். அம்மா மகளிடம், தமிழ். அண்ணன் தங்கையிடம், தமிழ். கணவன் மனைவியிடம் என்ற கட்டத்தில் தெலுங்கு என்றேன். எப்போது என்று கேட்டாள். சண்டையில் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வந்தது. தெலுங்கு பேச கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள், அது எங்கே போய்விடப் போகிறது என்று கேட்டேன்.

"அங்க இருக்குதுங்க அக்கா. உங்க வீட்ல எத்தன பேரு?" என்றாள்.

இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் போனால் வீட்டுக்கதவைச் சாத்த வேண்டியதுதான். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் மகளை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்தேன். எங்கள் ஆட்கள் சிலர் கல்யாண மண்டபத்தில் நடத்திய தெலுங்கு வகுப்பு. ஆந்திராவிலிருந்து வந்த புத்தகம், அதே புத்தகம் படித்த வாத்தியார். நாங்கள் "யாடிக்கி போதாவுண்டாவு" என்போம். எங்கே போகிறாய் என்று அர்த்தம். அது கொச்சை, "எக்கடிக்கி வெள்துன்னாவு" என்று எழுது என்றார். வீட்டிலிருந்து அரைகுறையாக எடுத்துக்கொண்டு போன பிள்ளைக்கு, கொண்டு போனதும் தப்பு என்று ஆனது. அப்படியும் மகள் போனாள். எனக்காகத்தான் போனாள் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்துப் பெற்றோரை அழைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கேட்கிற ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்ல வேண்டும். ஒருத்தி சாமி கும்பிடுவதைச் சொன்னாள். ஒருவன் பால் வாங்கி வரச் சொன்னான். என் மகள் மேடையேறி, கையை இடுப்பில் வைத்து, என் குரலிலேயே சொன்னாள்:

"நின்னு கட்டுகோனி நேனேமி சுகம் சூஸ்தினி?"

உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன். அதோடு நிற்கவில்லை. குரலைத் தடிப்பாக்கி "நோரு முய்யி" என்று அப்பாவின் பதிலையும் சொன்னாள். வாயை மூடு என்பது அது. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கணவர் செல்போனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் இவளுக்குப் புரியாது என்று நாங்கள் கொட்டியதையெல்லாம் இவள் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "சூஸ்தினி என்பது தப்பு, சூசானு என்று சொல்லணும்" என்று திருத்தினார். ஒரு குடும்பத்தின் மானம் மேடையில் கிடக்கிறது, அந்த மனிதருக்கு வினைச்சொல் விகுதி முக்கியம். நான் எழுந்து, என் அம்மாவும் என் கணவரின் அம்மாவும் சூஸ்தினி என்றுதான் சொன்னார்கள், உங்கள் புத்தகம்தான் எங்கள் ஊருக்கு வழி தெரியாமல் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வகுப்புப் பக்கம் அதன் பிறகு போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அவளைத் தெலுங்கில் கூப்பிட்டேன். வா கண்ணு, உட்கார், களி சாப்பிடு. அவ்வளவுதான். எங்கள் பேச்சில் அதற்கு "ரா தல்லி, கூச்சோ, சங்கடி தினு". அவள் வாசற்படியிலேயே நின்றாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா திட்டற? நான் என்னா பண்ணேன்?"

அப்படியொரு அடியை நான் யாரிடமும் வாங்கியதில்லை. எங்கள் மொழியில் அன்பாகச் சொன்னதும் அவள் காதுக்கு வசவுதான்.

பிடிக்காத அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். அவள் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. ஒரு இடத்தைப் பிடியுங்கள், அங்கே தினமும் நடக்கிற வேலையைத் தெலுங்கில் மட்டும் செய்யுங்கள், சொன்ன வார்த்தைக்கு எதிரில் பொருள் இருக்கட்டும், திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள் என்றாள். முக்கியமாக, பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் நீங்கள் மாறக்கூடாது என்றாள். நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். இனிமேல் எங்கள் சண்டை தமிழில்.

சமையலறையைப் பிடித்தோம். பெட்டேதா என்று கரண்டியோடு கேட்பேன், பரிமாறவா என்று அர்த்தம். போதும் என்பாள். சாலா என்பேன், போதுமா என்று அர்த்தம். போதும் என்பாள். இப்படி வாரக்கணக்கில். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் தமிழ்தான் வாயில் முதலில் வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன். கணவர் தமிழில் சண்டை போடத் தெரியாமல் தவித்தார். ஏதோ யூனியன் கூட்டத்தில் கோரிக்கை வைப்பது மாதிரி இருக்கும், பாதியில் எழுந்து போய்விடுவார். அந்த வகையில் ஒரு லாபம்.

ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே "சாலு" என்றாள். நான் கரண்டியை நிறுத்தினேன். அடுத்த மாதம் "நேனு வர்ஸ்தா" என்றாள். வருகிறேன் என்பதற்கு எங்களிடம் வஸ்தா. தமிழ் வர-வை எடுத்துத் தெலுங்கு வாலை ஒட்டியிருக்கிறாள். திருத்தாமல், "நுவ்வு வஸ்தாவா? சரே, ரா" என்று என் பதிலுக்குள் சரியானதை வைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் அவள் மறுபடி "வர்ஸ்தா" என்றபோது மகன் அங்கே இருந்தான். அவனுக்கு இப்போது பதினைந்து வயது.

"அது வஸ்தாடி லூசு. உனக்கு வராது, வுடு" என்று சிரித்தான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அன்னக்கி நேர்ப்பிஸ்திவி. நாக்கி முன்னாடியே ஏல நேர்ப்பலேது?"

அண்ணனுக்குச் சொல்லித்தந்தாய், எனக்கு முன்னாடியே ஏன் சொல்லித்தரவில்லை. நடுவில் ஒரு தமிழ் வார்த்தை. முதல் வினைச்சொல் வாத்தியார் தப்பென்ற அதே எங்கள் ஊர் விகுதியில். இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதல்ல, எங்கேயும் பொறுக்கியதல்ல. அவளே கட்டியது. என்னை அடிக்கத்தான் கட்டினாள்.

மகன் சிரிப்பை நிறுத்திவிட்டான். எனக்கு டீச்சர், நாத்தனார், வாத்தியார் எல்லோரும் வரிசையாக வாய்வரை வந்தார்கள். விழுங்கினேன். சமையலறையில் இருந்ததால் தெலுங்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நேனு தப்பு சேஸ்தினி" என்றேன். நான் தப்பு செய்தேன்.

"அது எனக்குத் தெரியும்" என்று தமிழில் சொல்லிவிட்டு, தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.