ஜெர்மனில் எல்லாரும் சௌக்கியம்

தேனாம்பேட்டை ஜெர்மன் வகுப்புக்குப் படியேறினாள் உம்மே ஹானி. மயிலாப்பூரில் நர்ஸ் வேலை. ஜெர்மனி போக பி-2 மொழிப் பரீட்சை தேறணும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. விழுந்து விழுந்து படித்தும் ஓரடி நகரவில்லை.

"மனப்பாடம் பண்ணினதையெல்லாம் மூட்டை கட்டு. டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட சொல்லுவியே, அதை ஜெர்மன்ல சொல்லும்மா," என்று சொல்லி, அவள் பேசுவதைப் போனில் பதிவு செய்தார் ஆசிரியை அன்புச்செல்வி மேடம்.

ஹானி தடங்கலே இல்லாமல் சொன்னாள். திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் 'நன்றாக இருக்கிறார்கள்'. காலையில் மூச்சுக்குத் தவித்த நாலாம் பெட் பெரியவர் எங்கே? தெரிந்த வார்த்தைகளுக்குள்ளேயே பதுங்கி, தெரியாததையெல்லாம் இத்தனை நாளாக விழுங்கியிருக்கிறாள். அங்கே போயும் இப்படிச் சொன்னால் ஓர் உயிர் போய்விடுமே!

விட்டுப்போன சொற்களை அகராதியில் தேடினாள். மறுபடி பேசினாள்; திக்கினாள், தப்பாகச் சொன்னாள், திருத்திச் சொன்னாள். சரளமெல்லாம் போயே போச்சு. ஆனால் அன்றைக்குத்தான், அவளுடைய ஜெர்மனில் முதன்முறையாக ஒருவருக்கு மூச்சுத் திணறியது.