கதவுக்கு முன்னால் ஓடிய எழுத்து

மலேசியாவில் செர்டாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே பயிற்சிப் பிரிவில் இருந்த தம்பி ஒருவர் ஒரு காலை எனக்கு ஆங்கில எழுத்தில் தமிழாகச் செய்தி அனுப்பினார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து படங்களுக்கு வசனவரி போடுகிறவள் என்று யாரோ என் எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, சப்டைட்டில் டைமிங் லாரி ஆயிருச்சு லா. கொஞ்சம் பெத்துல் பண்ணிக் குடுங்க." கூடவே ஒரு காணொளி, ஒரு வசனவரிக் கோப்பு.

லாரி என்றால் மலாயில் ஓடிப்போவது; பெத்துல் என்றால் சரி. எந்த இடத்திலிருந்து ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, எழுத்து முந்துகிறதா பிந்துகிறதா என்று கேட்டு நானும் அப்படியே எழுதினேன். "ஆமா அக்கா, லாரி" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதோடு சரி.

இது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அனுப்புகிறவருக்குப் பொருந்தவில்லை என்பது மட்டும் தெரியும். கோப்பு என்பது வெறும் எழுத்து: வரியின் எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், வசனம். பிழை மூன்று விதமாக வரும். எல்லா வரியும் ஒரே அளவு தள்ளியிருக்கலாம். படத்தின் வேகம் மாறியதால் போகப் போகக் கூடிக்கொண்டே போகலாம். அல்லது நடுவில் எங்கோ ஓரிடத்தில் தாவியிருக்கலாம்.

காணொளியைத் திறந்தேன். பழத்தைக் குலைகுலையாக நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்பு உருளை ஒன்றை எப்படி இயக்குவது என்று புதிதாக வருகிற தொழிலாளர்களுக்குச் சொல்லும் படம். ஆண் குரல் ஒன்று மலாயில் பேசுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகக் கீழே தமிழ் வரிகள். அவர்களுக்கு மலாய் தெரியாது.

முதல் வரி குரலோடு சரியாக நின்றது. கடைசி வரியைப் பார்த்தேன். குரல் வருவதற்கு முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னாலேயே எழுத்து வந்து போய்விட்டது. சரி, வேகம் மாறிய கேஸ் என்று நினைத்தேன். முதல் வரியையும் கடைசி வரியையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, இடையில் உள்ளதை மென்பொருளை விட்டு இழுக்கச் செய்தேன். இரண்டு முனையும் பொருந்தின. நடுவில் போய்ப் பார்த்தால், ஓரிடத்தில் எழுத்து பிந்தி வந்தது. இன்னும் சிறிது தள்ளி, முந்தி வந்தது.

சீராகக் கூடுகிற பிழையாக இருந்தால் இப்படி வராது. இழுத்ததை ரத்து செய்துவிட்டு, பழைய நேரங்களோடு படத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். வெளியே மழைக்கு முன் வருகிற புழுக்கம். விசிறிச் சத்தம் தொந்தரவாக இருந்ததால் அதை நிறுத்திவிட்டேன்.

உருளைக்குள் பழக் கூண்டுகளைத் தள்ளும் வரை சரி. நீராவியைத் திறக்கும் வரை சரி. நீராவியை மூடி, உள்ளே இருப்பதை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை எழுத்தும் குரலும் ஒன்றாகவே வந்தன. அதற்கப்புறம் படம் மாறியது. வெளிச்சம் வேறு. கைப்பேசியில் எடுத்தது போல லேசாக ஆடியது. குரலும் வேறு, ஒரு பெண்ணுடையது. உருளையின் கதவுக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். சுற்றியுள்ள இரும்பு பழையதாகவே இருந்தது.

அந்தப் பெண் மலாயில் சொன்னாள்: முள் பூஜ்யத்தில் நின்றாலும் நம்ப வேண்டாம். கதவைத் தொடாதீர்கள். பக்கத்திலிருக்கும் சின்னக் குழாயைத் திறந்து பாருங்கள். அதிலிருந்து நீராவியோ வெந்நீரோ வந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது.

அவள் "தொடாதீர்கள்" என்று சொல்லும்போது படத்தின் அடியில் தமிழில் வந்த வரி: "இப்போது கதவின் பூட்டை மெதுவாகத் தளர்த்தவும்."

நான் நிறுத்திவிட்டேன். திரும்பவும் ஓட்டினேன். அதே வரிதான். பழைய படத்தில் முள் இறங்கியதும் கதவு திறக்கிறது. எழுத்து அந்தக் கணக்கில் இருந்தது. நடுவே யாரோ ஒரு புதுத் துண்டைச் சேர்த்திருக்கிறார்கள். கோப்பை யாரும் தொடவில்லை.

அந்தத் தம்பியை அழைத்தேன்.

"தம்பி, கதவு வர்ற இடத்துல புதுசா ஒரு துண்டு சேத்தீங்களா?"

"அது சேத்தாங்க அக்கா. சேஃப்டி சைடுல கேட்டாங்க."

"ஏன் சேத்தாங்க?"

"அக்கா, நீங்க டைமிங் மட்டும் பாருங்க லா."

"அந்த அம்மா கதவத் தொடாதேங்கறாங்க. அதே நேரம் தமிழ்ல கதவத் தளர்த்துன்னு வருது. இதையா நம்ம ஆளுங்க பாத்தாங்க?"

பின்னால் இயந்திர இரைச்சல் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தன் சொன்னான், எழுத்து முன்னாடி முன்னாடி ஓடுதுன்னு. அதான் ஒங்களுக்கு அனுப்பினேன். எனக்குத் தமிழ் படிக்க வராது அக்கா. மலாய் ஸ்கூல்."

"பாத்தவங்க இப்ப எங்க?"

"ஷிஃப்ட்ல."

"அந்த உருளைகிட்டயா?"

"ரெண்டு பேர் அங்கதான்."

"போய் சொல்லுங்க தம்பி. இப்பவே போங்க. அந்தச் சின்னக் குழாய அவங்க திறக்கறாங்களான்னு பாருங்க."

அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டிருப்பார் போல. இரும்புப் படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு இரைச்சல் பெருகி, அதற்குள் அவர் குரல் கரைந்தது. நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ஓரிடத்தில் உஸ்ஸென்று நீளமாக ஒரு சீறல் வந்தது. உடனே லைன் அறுந்தது.

திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் யாருக்கோ மாத்திரை சாப்பிடும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபடியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

பிறகு அவரே அழைத்தார். மூச்சு வாங்கியது.

"கதவத் திறக்கப் போனாங்க அக்கா. முள்ளு பூஜ்யத்துல இருந்துச்சு. நான் அந்தப் பைப்பத் திறக்கச் சொன்னேன். புஸ்ஸுன்னு வந்துச்சு."

"அது என்ன பைப்புன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டேன். எழுத்துல வரலியே அண்ணேன்னாங்க."

பிறகு அவரே சொன்னார்: "இதுக்கு முன்னால இதே கதவுகிட்ட ஒரு பங்களாதேஷி இருந்தாரு. கதவத் திறந்தப்ப நீராவி அடிச்சிருச்சு. இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காரு. அதுக்கப்புறம்தான் அந்தத் துண்டப் படம் புடிச்சு சேத்தாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அக்கா. அதான் ஒங்ககிட்ட எந்த இடம்னு சொல்லல."

அன்று பிற்பகலே கோப்பை முடித்தேன். துண்டு தொடங்கும் இடம் வரை ஒரு வரியையும் தொடவில்லை. அதற்கப்புறம் உள்ள எல்லா வரிகளையும் துண்டின் நீளத்துக்குச் சரியாகப் பின்னால் தள்ளினேன். நடுவில் விழுந்த வெற்றிடத்துக்கு அந்தப் பெண் சொன்னதைத் தமிழில் எழுதினேன். எளிமையாக, ஒரு பார்வையில் படிக்கிற மாதிரி. "கதவைத் தொடாதே" என்ற வரியை, வாசிக்கத் தேவையான நேரத்தைவிட அதிகமாகவே திரையில் நிற்க வைத்தேன். பிறகு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வரி விடாமல் ஓட்டிப் பார்த்தேன்.

அனுப்பியதும் அவர் நன்றி சொன்னார். இரவில் மறுபடி அழைத்து இன்னொன்றும் சொன்னார். அதே நிறுவனத்துக்கு வேறு ஆலைகளும் உண்டு. புதுத் துண்டு சேர்த்த படத்தையும் பழைய தமிழ்க் கோப்பையும் அங்கேயும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் எல்லோருக்கும் சரியான கோப்பை அனுப்பி, பழையதை அழிக்கச் சொல்லி எழுதிவிட்டார்.

"பதில் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு அக்கா. ஒரு இடத்துலேருந்து மட்டும் இன்னும் வரல. போன் பண்ணேன், யாரும் எடுக்கல."

"மறுபடி பண்ணுங்க தம்பி."

"பண்ணிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.