படமாக மட்டும் வந்த ஊசி அட்டை

இலங்கையில் நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நான் மருத்துவிச்சியாக இருந்தபோது, ஒருநாள் என் போனுக்கு ஒரு படம் மட்டும் வந்தது. குழந்தையின் ஊசி அட்டை. திகதிகள் என் கையெழுத்து. இரண்டாம் மாதம், நான்காம் மாதம் வரை எழுதியிருந்தது. ஆறாம் மாத ஊசிக்கும் ஒன்பதாம் மாதத்துச் சின்னமுத்து என்னும் தட்டம்மை ஊசிக்கும் நேரே ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கியிருந்தது. எது விடுபட்டது என்றுதான் அதன் தாய் கேட்கிறாள் என்று நினைத்து, யட்டியாந்தோட்டைப் பக்கம் குடிபோயிருந்த அவளை அழைத்தேன்.

"விட்டது எனக்கே தெரியும் மிஸ்ஸி. இங்க கிளினிக்ல எல்லாத்தையும் மொதல்ல இருந்து போடணுங்கிறாங்க. போடணுமா?"

"வேணாம். போட்டது போட்டதுதான். விட்ட ரெண்டையும் போட்டா போதும். ஒரே நாள்லயே போடலாம்."

"அப்ப மொதல்ல இருந்து போட நான் விடமாட்டேன்."

அடுத்த கிளினிக் நாளில், அட்டை பதியும் மேசையில் இருந்தவர் மறுபடி அதையே சொன்னாராம். அவள் உட்கார்ந்திருந்த வாங்கைவிட்டு எழும்பவேயில்லை. "டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்று சிங்களத்தில் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். டொக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். விடுபட்ட இரண்டை மட்டும் போடச் சொன்னார்.

பிள்ளை வீறிட்டு அழும் சத்தத்தோடு எனக்குப் போன் வந்தது.

"ரெண்டே ரெண்டுதான் மிஸ்ஸி. அதுக்கு மேல ஒண்ணும் போட விடல."