சுபைறாவின் தண்ணீர்ப் பேச்சு

நிந்தவூரில் கடற்கரை வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாடசாலையில் சுபைறா பதினொரு வருடமாகச் சிற்றூழியராக வேலை செய்தாள். காலை ஆறேகாலுக்குக் கேற்றைத் திறப்பது அவள்தான். மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவதும், பிள்ளைகள் போன பிறகு ஒழுகும் பைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பூட்டுவதும் அவள்தான். அந்த வளவில் மொத்தம் பதினாலு பைப்பு. எந்தப் பைப்பை எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும், எதை எவ்வளவு திருப்பினாலும் பூட்டாது என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம்.

வயது நாற்பத்திரண்டு. பதினாறு வயதில் ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது எல்லாப் பாடமும் தேறி ஆங்கிலம் மட்டும் போனது. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது அலுவலக வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், அந்த ஒரு பாடம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஆங்கிலத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட்டாள்.

"எங்கட மூத்தவளும் நீயும் ஒரே வருசத்தில ஓ.எல். எழுதப் போறீங்க" என்று கணவன் இப்றாஹிம் சிரித்தான். ஆனால் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தவனும் அவன்தான்.

பாடசாலையின் ஆங்கில ஆசிரியை பஸ்லியா அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். பாடசாலை விட்ட பிறகு நூலகத்தில் அரை மணித்தியாலம். மீதி எல்லாம் கைத்தொலைபேசியில். மாதிரி வினாத்தாள் புத்தகத்தை விரித்து வைத்துப் படம் பிடித்து அனுப்புவாள். சுபைறா எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை வந்த படம் சரிவாக எடுக்கப்பட்டிருந்தது. பஸ்லியாவின் பெருவிரல் கீழ் மூலையை மறைத்திருந்தது. சுபைறா படத்தைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'தண்ணீரைச் சேமிப்பது பற்றிக் காலைக் கூட்டத்தில் பேசும்படி அதிபர் உங்களைக் கேட்டிருக்கிறார். அந்த உரையை எழுதுக. தண்ணீரின் முக்கியத்துவம், உங்கள் பாடசாலையில் தண்ணீர் வீணாகும் விதம், நாம் செய்யக்கூடியவை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க.' அதற்குக் கீழே எத்தனை சொற்களில் எழுத வேண்டும் என்ற இடத்தில் ஒரு ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு விரல்.

நூறா, நூற்றைம்பதா, ஆயிரமா என்று தெரியவில்லை. குறைத்து எழுதிப் புள்ளி போவதை விடக் கூட்டி எழுதுவது நல்லது என்று நினைத்தாள். முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்படி பஸ்லியா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

தண்ணீரின் முக்கியத்துவத்தைப் பற்றி அவள் இரண்டு வரிதான் எழுதினாள். தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். அடுத்தது 'உங்கள் பாடசாலையில் தண்ணீர் வீணாகும் விதம்'. அங்கே பேனை நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

சிற்றுண்டிச்சாலை சீனிமுகம்மது நானா கோப்பை கழுவும் பேசினுக்குள் பைப்பைத் திறந்து விட்டுவிட்டு முன்னுக்கு வந்து கதைத்துக்கொண்டு நிற்பதை எழுதினாள். விளையாட்டு ஆசிரியர் சப்ரி சேர் வியாழக்கிழமைகளில் பூமரத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸால் தன் மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்டுவதையும், அதிலே பூமரத்துக்கு ஒரு சொட்டும் போவதில்லை என்பதையும் எழுதினாள். தொழுகைக்கு முன் வுளூச் செய்யும் இடத்தில் ஒரு பிள்ளை முகம் கழுவ, பக்கத்துப் பைப்பு சும்மா ஓடுவதை எழுதினாள். கடைசியாக, அதிபரின் கழிவறையில் மேல்தொட்டியின் மிதவைப் பந்து பழுதாகி, தண்ணீர் இரவு பகலாகக் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருப்பதையும், அதை நான்கு முறை சொல்லியும் அதிபர் சேர் 'பாப்பம்' என்றதையும் எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. மேலே அழகாக ஒரு தலைப்பும் போட்டாள்: 'காலைக் கூட்டத்தில் சுபைறா நிகழ்த்தும் உரை'.

அடுத்த நாள் காலை அந்தத் தாளோடு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனவளுக்கு, தாங்கி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. தாளை மேசையில் வைத்துவிட்டு மோட்டரை நிறுத்த ஓடினாள்.

அந்த மேசையில் இருந்தவள் எழுதுவினைஞர் நஸ்லா. தலைப்பைப் பார்த்தாள். மூன்று பக்கத்தையும் வாசித்தாள். தன் பெயர் எங்கும் இல்லை என்பதை இரண்டாம் தரம் வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு மூன்று பக்கத்தையும் படம் பிடித்து, ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே எழுதினாள்: 'நாளைக்குக் காலைக் கூட்டத்தில சுபைறா ராத்தாட பேச்சு.'

அந்தக் குழுவில் சுபைறா இல்லை; பஸ்லியாவோ பாடசாலை விடும் வரை கைத்தொலைபேசியைப் பார்ப்பதில்லை. ஆகவே அன்றைக்கு நடந்தது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை.

முதலில் சீனிமுகம்மது நானா அவளைக் கூப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். பதினொரு வருடத்தில் அவராகக் கூப்பிட்டுக் கொடுத்த முதல் தேத்தண்ணி.

"சுபைறா, நான் இனிப் பெரிய வாளியில தண்ணி புடிச்சி வெச்சித்தான் கோப்ப கழுவுறன். வந்து பாருங்களன்."

"நல்லம் நானா" என்றாள் அவள். மனுசனுக்கு என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தாள்.

இடைவேளைக்குச் சப்ரி சேர் வந்தார். கையில் ஒரு பழைய துணியும் சின்ன வாளியும் இருந்தன. ஒன்றும் கேட்காமலே, "ராத்தா, மோட்டார் சைக்கிள இனி நனைச்ச துணியால தொடைக்கிறதுதான். பெயின்ட்டுக்கும் அதுதான் நல்லமாம்" என்றார். கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையளுக்கு முன்னால பேர் சொல்லித்தான் ஆகணுமா?"

"என்ன பேர் சேர்?"

"சரி, சரி. நீங்க யோசிச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு முருகேசு பாஸ் கேற்றில் வந்து நின்றார். பைப் வேலைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கூப்பிடுவது அவரைத்தான். பையில் புதிய மிதவைப் பந்தும், ஒரு கைப்பிடி வொஷரும் இருந்தன.

"அதிபர் ஐயா ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார். எங்க கிடக்கு அந்தக் கக்கூஸ்?" என்றார்.

சுபைறா வழி காட்டினாள். பாஸ் அரை மணித்தியாலத்தில் மேல்தொட்டியைச் சரிப்படுத்திவிட்டு, வந்த கையோடு ஒழுகிய மூன்று பைப்புக்கும் வொஷர் மாற்றினார். அவள் கூடவே நடந்து நடந்து பார்த்தாள். பூட்டிய பைப்பின் வாயில் விரலை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மனம் குளிர்ந்தது, ஆனால் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

பாடசாலை விடும் நேரம் அதிபர் அப்துல் கபூர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவும் புதிதுதான்.

"சுபைறா, பேச்ச வாசிச்சன். நல்லா எழுதி இரிக்கிறீங்க. ஆனா கக்கூஸ் விசயம் இப்ப சரி வந்திட்டுது தானே?"

"ஓம் சேர், இப்ப சத்தமே இல்ல. எந்தப் பேச்சு சேர்?"

அதிபர் கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். தன் கையெழுத்தைக் கண்டதும் சுபைறா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இஞ்சித் தேத்தண்ணி, துணி, வாளி, முருகேசு பாஸ் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"அல்லாஹ்வே, சேர், இது பரீட்சைக்கு எழுதினது. பஸ்லியா மிஸ் அனுப்பின கேள்வி. அதில அதிபர் பேசச் சொன்னார் எண்டு கிடந்திச்சி. உங்களச் சொல்லல்ல, சும்மா ஒரு அதிபர்."

அவள் வினாத்தாளின் படத்தை எடுத்துக் காட்டினாள். அதிபர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அதை வாசித்தார். விரலையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து வெகு நேரம் சிரித்தார். சிரிப்பில் பெரும்பங்கு நிம்மதி.

பஸ்லியாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். விரலுக்கு அடியில் இருந்தது நூறு என்று அவள் சொன்னாள்.

"நூறா?" என்றாள் சுபைறா. "நான் முந்நூறுக்கு மேல எழுதிட்டன்."

"நூறுதான் நல்லம்" என்றார் அதிபர். "நாளைக்கு இங்கிலீஸ் நாள். பேச இரிந்த பிள்ளைக்குக் காய்ச்சல். நீங்களே பேசுங்க. நூறுக்கு மேல ஒரு சொல்லும் வேணாம்."

சுபைறா மாட்டேன் என்றாள். பஸ்லியா விடவில்லை. நூலகத்தில் இருத்தி, மூன்று பக்கத்தையும் வெட்டத் தொடங்கினாள்.

"ராத்தா, பேருக்குப் புள்ளி இல்ல. வணக்கம் சொல்லணும், என்னத்தப் பத்திக் கதைக்கிறம் எண்டு சொல்லணும், கேட்ட மூண்டு விசயமும் வரணும், கடைசியில நன்றி. சின்னச் சின்ன வசனம். தெரிஞ்ச சொல்ல மட்டும் எழுதுங்க."

சீனிமுகம்மது நானா 'சிலர்' ஆனார். சப்ரி சேரும் 'சிலர்' ஆனார். அதிபரின் கழிவறை முழுதாகவே போயிற்று. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் எண்பத்தொரு சொல். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று பஸ்லியா சொன்னபோது, சுபைறா பேனையைத் திரும்ப எடுத்தாள். பிறகு தானாக மூன்று வசனம் சேர்த்தாள்.

புதன்கிழமை காலை குர்ஆன் கிறாஅத் ஓதி, தேசிய கீதமும் பாடசாலைக் கீதமும் முடிந்தன. சுபைறா ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். எழுநூறு பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். வழமையில் அவள்தான் பின்னால் நின்று அவர்களின் வரிசையைப் பார்ப்பாள்.

"குட் மோர்னிங்" என்று தொடங்கினாள். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது என்றாள். நம் பாடசாலையில் சிலர் கழுவும்போது பைப்பைத் திறந்து விடுகிறார்கள் என்றாள். ஒவ்வொரு 'சிலர்' வரும்போதும் ஆசிரியர் வரிசையில் யாராவது ஒருவர் நிலத்தைப் பார்த்தார். சப்ரி சேர் இரண்டு தரம் பார்த்தார்.

பிறகு தாளை விட்டுத் தலையை உயர்த்தினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தம் இதுதான்: 'நேற்று நான் மோட்டரை நிறுத்த மறந்துவிட்டேன். தாங்கி நிரம்பி நெடுநேரம் வழிந்தது. அந்தத் தவறு என்னுடையது, இனி நடக்காது.'

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் குற்றத்தை ஒத்துக்கொண்டது அதுவரை நடந்ததில்லை. பிறகு கைதட்டல் வந்தது. சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்ற சீனிமுகம்மது நானாதான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார். தன் பெயர் வராத சந்தோசம்.

"பயந்தீங்களா?" என்று கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள் பஸ்லியா.

"மோட்டர் விசயம் சொல்லக்குள்ளதான். மத்தவங்கட குறைய நானே மூண்டு பக்கம் எழுதினன், என்டதுக்கு ஒரு வரிகூட எழுதல்ல. அது மனசுக்குச் சரியாப் படல்ல."

பரீட்சையில் பேச்சு வரவில்லை. கடிதம் ஒன்றும், கட்டுரை ஒன்றும் வந்தன. கட்டுரைக்குச் சொல் எண்ணிக்கை தெளிவாகவே அச்சிட்டிருந்தது. சுபைறா ஒவ்வொரு சொல்லாக எண்ணி எண்ணி எழுதியதில் கடைசி வினாவுக்கு நேரம் போதாமல் போனது. ஆனாலும் பெறுபேறு வந்தபோது சாதாரண சித்தி இருந்தது, தேறிவிட்டாள். மகளுக்கு அதைவிட ஒரு படி மேலான திறமைச் சித்தி. இப்றாஹிம் அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பெரிய கேக் ஒன்று வாங்கி வந்து, இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுவித்திருந்தான். உம்மாவின் பெயர் முன்னுக்கு வந்ததில் மகளுக்கு மூன்று நாள் கோபம்.