இரண்டு பாதியும் தீர்ந்துபோகாது

நான் வகுப்பில் பேசுவதே இல்லை என்று மாணவிகள் புகார் கொடுத்துவிட்டார்கள். பொய்யில்லை. கணவர் இறந்து, மறுபடி கல்லூரிக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து நான் வகுப்புக்குள் நுழைவேன், போர்டில் நிரூபணத்தை மேலிருந்து கீழ்வரை எழுதுவேன், மணி அடித்ததும் கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். எழுதியதில் தப்பு இருக்காது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் கணிதத் துறைத்தலைவி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி.

"வியாழக்கிழமை உன் ரியல் அனாலிசிஸ் கிளாசுக்கு நான் வந்து பின்னாடி உக்காரப் போறேன். பொண்ணுங்களுக்குப் புரியலன்னா, அடுத்த செமஸ்டருக்கு வேற ஆள பாருங்கன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. நான் மறுத்துப் பேசணும்னா என் கையில ஏதாவது இருக்கணும்மா."

நான் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பெயரில் கௌரவம் மட்டும்தான் நிரந்தரம். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் தெரியாது, அப்படி. கணவருக்கு நெஞ்சுவலி என்று அவருடைய கம்பெனியிலிருந்து போன் வந்தபோது நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். காரியம் எல்லாம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிப் போகும்வரை நான் அழவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சமையல்கட்டில் பேசியது காதில் விழுந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் மிச்சம் நானும் அவருடைய அம்மாவும்தான். அத்தை வாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தறிக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொடுப்பார். நான் சாயங்காலம் பையை ஆணியில் மாட்டும்போது ராட்டையை நிறுத்தாமலே கேட்பார்.

"இன்னைக்கி எப்பிடிம்மா இருந்துது?"

"அதேதான் அத்தை."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவரும் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி மரத்துப் போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு சௌகரியம்கூட இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. அன்று முகூர்த்த நாள். பட்டுக்கடைகளுக்கு வந்த கார்கள் காந்தி ரோடு முழுக்க நின்றதில் பஸ் நகரவில்லை. நான் ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போனபோது துறைத்தலைவி கடைசி பெஞ்சில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அன்றைய பாடம், எந்த அனாலிசிஸ் புத்தகத்தைத் திறந்தாலும் முன்பகுதியிலேயே வந்து நிற்கும் தேற்றம். ஒரு தொடர்வரிசையின் உறுப்புகள் எல்லாம் ஏதாவது இரண்டு எண்களுக்கு நடுவே அடங்கியிருந்தால், அதிலிருந்து உறுப்புகளை வரிசை மாறாமல் பொறுக்கி, ஒரே எண்ணை நெருங்கிக்கொண்டே போகிற, அதாவது குவிகிற, உள்தொடர்வரிசை ஒன்றை எடுக்க முடியும். எப்போதும் முடியும்.

எங்கள் பிள்ளைகள் தமிழ் மீடியம். புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், போர்டில் நாங்களே தமிழாக்கிக்கொண்டு போவோம். நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "எல்லை உள்ள ஒவ்வொரு தொடர்வரிசைக்கும், குவியும் உள்தொடர்வரிசை ஒன்று உண்டு."

எழுதி முடிப்பதற்குள் ஜன்னலோரப் பெண் கையைத் தூக்கிவிட்டாள். புகாரில் முதல் கையெழுத்து போட்டவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

"மேம், எல்லை இருக்குதுன்னாலே அது குவியுதுன்னுதானே அர்த்தம்? அதான் ஏற்கனவே குவிஞ்சிக்கினு இருக்குதே, அப்புறம் எதுக்கு அதுலேர்ந்து தனியா பொறுக்கணும்?"

வகுப்பு சிரித்தது. நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஊர் எல்லை, வயல் எல்லை என்று பேசிப் பழகிய வாய்க்கு, ஒன்றுக்குள் அடங்கியிருப்பது என்றால் எல்லை என்றுதான் வருகிறது. ஆனால் பிளஸ் டூ புத்தகத்தில் எல்லை என்றால் அது வேறு. தொடர்வரிசை எதை நெருங்கி நெருங்கிப் போய்க்கொண்டிருக்கிறதோ அந்த எண். நான் எழுதிவைத்திருந்தபடி பார்த்தால், போய்ச் சேருகிற இடம் உள்ளவைக்கெல்லாம் போய்ச் சேருகிற இடம் உண்டு என்று ஆகிறது. இதற்கு ஒரு தேற்றம், ஒரு நிரூபணம், அதைப் பார்க்க ஒரு துறைத்தலைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் வராத ஒன்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "எல்லை உள்ள" என்பதை அழித்துவிட்டு "வரம்புடைய" என்று எழுதினேன். தப்பை ஒப்புக்கொண்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வரம்புன்னா வரப்பு மாதிரி. தாண்டிப் போகாது, அவ்வளவுதான். உள்ள எங்க நிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, ஒண்ணு, மைனஸ் ஒண்ணுன்னு போய்க்கினே இருந்தா? வரம்பு இருக்குது. எல்லை இருக்குதா?"

"இல்ல மேம், குதிச்சிக்கினே இருக்கும்."

"ஆனா ஒத்தப்படை இடத்துல இருக்கறத மட்டும் எடுத்தா?"

"எல்லாமே ஒண்ணு. ஒண்ணுக்குக் குவியும்."

"இதுல கண்ணுக்கே தெரியுது. தெரியாத தொடர்வரிசையில எப்பிடி எடுப்பீங்க?"

ஒரு கோடு போட்டேன். எல்லா உறுப்பும் அந்தக் கோட்டுத்துண்டுக்குள்தான் இருக்கின்றன. அதை நடுவில் வெட்டினேன். இடது பாதி, வலது பாதி. முடிவில்லாத உறுப்புகள் இந்த இரண்டில்தான் விழுந்தாக வேண்டும்.

முதல் வரிசையில் ஒருத்தி இழுத்தாள். "மேம், இப்ப சொன்னதுல இருக்கறது ரெண்டே நம்பர்தானே? முடிவில்லாம எங்க இருக்குது?"

"மதிப்ப எண்ணாதே, இடத்த எண்ணு. முதல் இடம், மூணாவது இடம், அஞ்சாவது இடம். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒவ்வொரு தடவையும் அது வேற இடம்."

பிறகு மேலே போனேன். முடிவில்லாத இடங்கள் எந்தப் பாதியில் இருக்கின்றனவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டிலும் இருந்தால் ஏதாவது ஒன்று, இடது என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒரு உறுப்பை எடுங்கள். வைத்திருக்கும் பாதியை மறுபடி வெட்டுங்கள். மறுபடி முடிவில்லாதது உள்ள பாதி. அதிலிருந்து ஒரு உறுப்பு, ஆனால் முன்பு எடுத்ததற்குப் பின்னால் வருவதாக இருக்க வேண்டும். வரிசையில் திரும்பிப் போகக் கூடாது. உள்ளே இருப்பது முடிவில்லாதது என்பதால், பின்னால் ஒன்று கட்டாயம் இருக்கும். துண்டு பாதியாகி, அதில் பாதியாகி, சுருங்கிக்கொண்டே போகும். எண்கோட்டில் ஓட்டை கிடையாது, அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இந்தத் துண்டுகள் அத்தனைக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தே தீரும். பொறுக்கிய உறுப்புகள் அந்தப் புள்ளியைத்தான் நெருங்குகின்றன. நம் எல்லை அதுதான்.

ஜன்னலோரப் பெண் விடவில்லை.

"எந்தப் பாதின்னு நமக்கு எப்பிடி மேம் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமலே எப்பிடி எடுக்கறது?"

"எதுன்னு தேற்றம் சொல்லாது. ஒண்ணு இருக்குதுன்னு மட்டும்தான் சொல்லும்."

"அது எப்பிடி எப்பவுமே இருக்கும்? ஒரு இடத்துல போய் ரெண்டு பக்கமும் இல்லாம போச்சுன்னா?"

இதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. முடிவுள்ளது ஒன்று, முடிவுள்ளது இன்னொன்று, இரண்டையும் கூட்டினால் முடிவுள்ளதுதான் வரும். நாம் கொண்டுவந்தது முடிவில்லாதது. எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், கை அதுபாட்டுக்கு எழுதும். அன்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு பாதியும் தீர்ந்துபோகாதும்மா" என்றேன். "எத்தனை தடவை வெட்டினாலும் சரி. ஒண்ணு தீர்ந்துடலாம். ரெண்டும் சேர்ந்து தீர..."

அங்கே நிறுத்தி இருமினேன், இருமல் அழுகையாகிவிட்டது. போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சாக்பீஸைப் பிடித்தபடி அழுதேன். இவ்வளவு நாள் எங்கே இருந்தது இத்தனையும் என்று எனக்கே ஆச்சரியம். வெட்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை. கொஞ்சம் அடங்கியதும் திரும்பி, "தீர முடியாது. குறிச்சிக்கோங்க" என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்து எழுதினார்கள். ஜன்னலோரப் பெண் மட்டும் எழுதவில்லை. எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். துறைத்தலைவி வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார்.

"வரம்புக்கு எல்லைன்னு எழுதினது தப்பு."

"ஆமா மேடம்."

"அந்தப் பொண்ணு அத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்ல. பிரின்சிபால் கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த செமஸ்டரும் இந்தப் பேப்பர நீயே எடு." இரண்டடி போனவர் திரும்பி, "மூஞ்ச கழுவிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

சாயங்காலம் பையை ஆணியில் மாட்டினேன். ராட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கி எப்பிடிம்மா இருந்துது?"

"கிளாஸ்ல அழுதுட்டேன் அத்தை."

ராட்டை நின்றது. அத்தை என் முகத்தையே பார்த்தார். நூல் கையிலேயே இருந்தது.

"நான் தெனம் அழுவறேன்மா" என்றார். "நீ காலையில கிளம்பி தெருமுனை திரும்பினதும். நீ இருக்கும்போது அழுதா நீயும் ஒடஞ்சிடுவேன்னு அடக்கிக்கினு இருப்பேன். நீ வர்றதுக்குள்ள மூஞ்ச கழுவிடுவேன்."

தினம். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும். இந்த வீட்டில் இரண்டு பேருமே காலியாகிவிட்டோம் என்றுதான் நான் இருந்தேன்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாளையிலேர்ந்து நான் கிளம்பறதுக்கு முன்னாடியே அழுவுங்க அத்தை. நானும் கூட உக்காந்துக்கிறேன். பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ல போறேன்."