இரண்டு முனையிலும் பழுப்பு

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் யாராவது சொல்லிக்காட்டுவார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள், ஆம்ப்ளிஃபையரும் கீபோர்டும் ரிப்பேர் செய்யும் கடையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சாமானைப் பிரித்துப் போடுவதில் ஆசையுள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யாராவது ஒரு ரெசிஸ்டரைப் படம் எடுத்து அனுப்பி ‘என்ன வேல்யூ?’ என்று கேட்டால், மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் நான் பதில் போட்டிருப்பேன்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மின்சாரத்தை மட்டுப்படுத்தும், நெல்மணி அளவுள்ள அந்தச் சாமானில் எண் அச்சடிக்க இடமில்லாததால் நிறக் கோடுகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று போகும். ஐந்து கோடு இருந்தால் முதல் மூன்றும் இலக்கங்கள். நான்காவது, பின்னால் எத்தனை பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். ஐந்தாவது, சொன்ன அளவிலிருந்து எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று சொல்லும். இதை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும், அலட்டிக்கொள்ள ஆயுள் முழுவதும் போதாது.

குழுவில் எல்லோரையும் நான் ஒரு விஷயத்துக்காக விரட்டுவேன். ஒரு படம் அனுப்பினால் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று பகல் வெளிச்சத்தில் கிட்டே எடுத்தது, இன்னொன்று போர்டு முழுவதும் தெரிகிற மாதிரி எடுத்தது. மஞ்சள் விளக்கில் சிவப்பு ஆரஞ்சாகிவிடும், ஃப்ளாஷ் போட்டால் பாதிக் கோடு வெளுத்துவிடும். ஒற்றைப் படம் அனுப்பியவர்களை நான் திட்டிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, செங்காங்கில் குடியிருப்பதால் செங்காங் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவரிடமிருந்து குழுவில் ஒற்றைப் படம் வந்தது. அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் தொடைத் தடிமன் கேபிளைத் தொட்டுப் பழகிய கை, சின்னச் சாமானைத் தொட்டால் எதையாவது உடைத்துவிடும். இந்த முறை அவர் திறந்தது அண்ணியின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. குமிழைத் திருகும்போது கொரகொரவென்று சத்தம் வந்ததாம், தூசி தட்டப்போனாராம், ஒரு ரெசிஸ்டரின் கால் முறிந்து கீழே விழுந்துவிட்டதாம். தேடுவதற்குள் தரையைக் கூட்டும் ரோபோ அதை விழுங்கிவிட்டது. ரோபோவின் குப்பையை அண்ணியே குப்பைக் குழாயில் கொட்டிவிட்டார். திறந்ததும் ஃப்ளாஷ் போட்டு எடுத்த ஒரு படம்தான் மிச்சம்.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வீட்டுல பாட்டு, ம்மா,” என்று எழுதியிருந்தார். “உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன் லா.”

அது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. அண்ணிக்கு அதற்கு முந்தைய வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாதக்கணக்கில் பேசவே சிரமப்பட்டார். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் ஒவ்வொரு ஸ்வரமாகக் குரலை மீட்டெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடியும் நாலு பேர் முன்னால் பாடப்போகிறார்.

படத்தைப் பார்த்தேன். இடமிருந்து வலமாகப் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், பின்னால் இரண்டு பூஜ்யம். ‘டென் கே’ என்று பதில் போட்டேன். பத்தாயிரம் ஓம். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. இன்னொரு படம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஞாயிறு காலை அவர் போன் செய்தார். குண்டு விழுந்தால் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாம் ஷெல்டருக்குள் பெட்டியை ஒளித்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கனத்த சுவருக்குள் சிக்னல் கிடைக்காது. தலையை மட்டும் வெளியே நீட்டிக் கிசுகிசுத்தார்.

“நீங்க சொன்ன டென் கே வாங்கி வச்சுட்டேன். லைட்டு எரியுது ம்மா. சத்தம் வரல.”

“பெட்டி எங்கேன்னு அண்ணி கேக்கலையா?”

“உங்க கடைக்குச் சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன்.”

என்னைக் கேட்காமலே என்னைப் பொய்யில் பங்காளி ஆக்கிவிட்டார். போர்டு முழுவதையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பார்த்த மாத்திரத்தில் காது சூடாகிவிட்டது. அந்த ரெசிஸ்டர் இருந்த இடம், மின்சாரம் சுருதிப் பகுதிக்குப் போகிற வழி. அங்கே பத்தாயிரம் ஓம் போட்டால் குழாயைக் கட்டைவிரலால் அடைத்த மாதிரிதான், அந்தப் பக்கம் சொட்டுக்கூடப் போகாது.

பழைய படத்தைப் பெரிதாக்கினேன். கடைசிக் கோடு மற்ற நான்கிலிருந்தும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். ஃப்ளாஷின் பளபளப்புக்கு அடியில் உற்றுப் பார்த்தால், தள்ளி நின்றது இடதுபக்கத்துப் பழுப்பு. நான் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். வலதுபக்கத்திலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. ஒன்று, இரண்டு, பூஜ்யம், அதன் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் நூற்றிருபது ஓம். இரண்டு முனையிலும் பழுப்பு, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் கடையில் கிடைக்கிற வேல்யூ. இப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் ஊருக்கெல்லாம் இரண்டு படம் இரண்டு படம் என்று கத்துவது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ‘தப்பு, நூற்றிருபது’ என்று குழுவில் திருத்திப் போட்டேன்.

கடையைத் திறந்து நூற்றிருபது ஓம் நாலைந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். கதவைத் திறந்தது அண்ணி.

“வாங்க வாங்க. பெட்டியக் கொண்டாந்தீங்களா?”

தோளில் கைப்பை, கையில் சுண்டுவிரல் அளவுப் பொட்டலம். “அது... முன்னாடியே வந்திருக்கும், அண்ணி,” என்றேன். இதைவிட மட்டமான பொய்யை நான் சொன்னதில்லை. அண்ணி சிரிக்காமல் ஷெல்டர் கதவைக் காட்டினார். “அங்க போய்ப் பாருங்க. மூணு நாளா அங்கதான் குடியிருக்காரு.”

உள்ளே அண்ணன் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். பழையதை எடுத்து, புதியதை மீட்டரில் அளந்து பார்த்துவிட்டே வைத்தேன். உருக்கி ஒட்டிய சால்டர் ஈயம் ஆறியதும் சுவிட்சைப் போட்டார். கம்மென்று சுருதி கிளம்பி அந்தச் சின்ன அறையை நிரப்பியது. அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் அண்ணி நின்றிருந்தார்.

“உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்?” என்றார் அண்ணன்.

“வியாழக்கிழமைலேர்ந்து. ஸ்க்ரூவெல்லாம் சோபாவுல கெடந்துச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “பெட்டி இல்லாமயே பாடிப் பாத்தேன். முதல் நாள் அழுகையா வந்துச்சு. நேத்து நின்னுடுச்சு, குரல் சேந்துச்சு. இனிமே பெட்டி இல்லாட்டியும் பாடிடுவேன்.”

தப்பாகப் படித்தவள் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவசரப்பட்டதையும் சொன்னேன்.

“அதுவும் தெரியும். உங்க குரூப்புல நானும் இருக்கேன்ல?”

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனே அறியாத ஒரு நம்பரில் யாரோ ஒருவர் எப்போதும் பதிலே போடாமல் இருக்கிறாரே என்று நாங்கள் கேலி செய்தது அண்ணியைத்தான்.

ஐந்து மணிக்குக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணி பாயில் அமர்ந்து தொண்டையைச் செருமினார். பெட்டி அவர் பக்கத்தில் சும்மா இருந்தது. போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அண்ணன் தூரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“வந்து போடுங்க,” என்றார் அண்ணி. “மூணு நாளு தூங்காம செஞ்சிருக்கீங்க. நீங்க போட்டாத்தான் பாடுவேன்.”