ஆவுடையம்மாள் கட்டிலுக்கு ரசமட்டம்

கட்டிலுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்த மனுசனை நீங்கள் கண்டதுண்டா? ராஜபாளையத்தில் ஒருவர் இருந்தார். பெயர் தனுஷ்கோடி, பஞ்சாலையில் ஃபிட்டர். அந்தக் கட்டிலில் தலை தாழ்ந்து கால் உயர்ந்து மூன்று வாரம் கிடந்தவள் அவர் பெண்டாட்டி ஆவுடையம்மாள். கிடந்தாள் என்று தெரு நம்பியது. அவரும் நம்பினார், பாவம்.

அதே ஆலையில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். வாய் கொஞ்சம் நீளம். சூப்பர்வைசர் நடப்பது போல நடந்து காட்டி ஷிப்ட் முழுவதையும் சிரிக்க வைப்பாள். ஆனால் ஒரே ஒரு பேச்சு வந்தால் மட்டும் அவள் வாய் மூடிக்கொள்ளும். கல்யாணமான மூன்றாம் வருஷம், மூன்றாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. அதற்கு முந்தின நாள் உரலில் மாவாட்டி, குழவியைத் தூக்கிக் கழுவி வைத்திருந்தாள். "மாசமா இருக்கவ குழவியத் தூக்கலாமா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் அதையேதான் நம்பினாள். என் கையால்தான் போயிற்று என்று ஆறு வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம், மறுபடியும் நாள் தள்ளிப்போனது. எட்டாவது வாரத்தில் சேலையில் சொட்டு ரத்தம். அவ்வளவுதான், ஆலையிலிருந்து ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு டாக்டர் பரிபூரணத்திடம் ஓடினார் தனுஷ்கோடி. அந்த அம்மாளிடம் அப்போது புதிதாக ஒரு ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்ததுதான் பிரசவத்தை விடப் பெரிய கஷ்டம் என்று பிற்பாடு ஆவுடையம்மாள் சொல்வாள்.

"பிள்ளை துடிப்பு நல்லா இருக்கு, பாரு," என்று திரையைக் காட்டினார் டாக்டர். "பக்கத்துல கறுப்பா பிறை மாதிரி தெரியுதுல்ல? பிள்ளை இருக்க பைக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் நடுவுல கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கு. சுவத்துல போஸ்டர் ஒட்டும்போது ஒரு ஓரத்துல பசை விட்டுப்போகுமே, அப்படி. சின்னதுதான். பெரும்பாலும் தானா வத்திரும். சிலருக்குப் பிள்ளை தங்காமலும் போகும். இப்பவே என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. மூணு வாரம் கழிச்சு வா."

சீட்டில் 'ஓய்வு' என்று எழுதினார். வினை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

ஃபிட்டர் மூளை அல்லவா? ரத்தம் கசிகிறது என்றால் சரிவை மாற்ற வேண்டியதுதானே என்று தனுஷ்கோடி முடிவு கட்டினார். ஆலையில் மெஷினுக்கு அடியில் கொடுக்கும் தேக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் செருகினார். தினம் காலையில், மெஷினுக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கட்டில் மேல் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார். "ஏட்டி, அசையாத. அரை இஞ்சு எறங்கிருச்சு," என்று இன்னொரு மரச்சீவலைச் செருகுவார். ராத்திரி முழுக்க ஆவுடையம்மாள் தலைப்பக்கமாகச் சறுக்கி வந்து சுவரில் முட்டிக்கொண்டு கிடப்பாள்.

"பிள்ளை வயித்துல நிக்குதோ இல்லையோ, என் மூளையெல்லாம் மண்டைக்குள்ள கெட்டியா நிக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு இருளம்மாளிடம்.

இருளம்மாளைக் காவலுக்கு வைத்தது தனுஷ்கோடிதான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. அவர் சைக்கிள் தெரு முக்கைத் தாண்டியதும் ஆவுடையம்மாள் எழுந்துவிடுவாள். இருவரும் தாயம் உருட்டுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். ஷிப்டு முடிந்து ஆலைச் சங்கு ஊதினால் மறுபடியும் கட்டில், மூஞ்சியில் ஒரு நோயாளிக் களை. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். "கால் மரத்துப்போச்சுங்க," என்பாள் முனகலாக. பிடித்துவிடுவார். அப்படியே ஒரு காப்பியும் போட்டுத் தருவார். சுகம்தான்.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்.

"யக்கா, பஸ்ல ஏறுனா அரை மணி நேரம். அவிய ஷிப்டு முடியுறதுக்குள்ள வந்துரலாம்."

"ஏட்டி, வேண்டாம்டி. ஏதாவது ஆயிட்டா உன் வீட்டுக்காரரு என்னைய மெஷின்ல போட்டு நூத்துருவாரு."

போனார்கள். கூட்டத்தில் ஓரமாக நின்று தேரைப் பார்த்தார்கள். பால்கோவா தின்றார்கள். அவர் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வீடு சேர்ந்து, வெற்றிக் களிப்பில் சேலை மாற்றப் போனாள். துணியில் காப்பித் தூள் நிறத்தில் கறை.

சிரிப்பு அப்படியே செத்துப்போனது. முதலில் குழவி, இப்போது தேர். இரண்டு பிள்ளைகளை விழுங்கிய ராட்சசி நான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தனுஷ்கோடி உள்ளே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வந்த காலோடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

ஸ்கேன் மேஜையில் படுத்தபடியே, புருஷன் பக்கத்தில் நிற்கிறார் என்றும் பாராமல் கொட்டிவிட்டாள். "டாக்டரம்மா, நான் படுக்கவே இல்ல. மூணு வாரமும் பொய். இன்னைக்குத் தேருக்குப் போனேன். கொன்னுட்டேன்."

தனுஷ்கோடி வாயைப் பிளந்தார். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். துடிப்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை பிறையாக இருந்த கறுப்பு இப்போது ஒரு கீற்றாகக் குறைந்திருந்தது.

"நீ பார்த்தது பழைய ரத்தம். தேங்கினது கொஞ்சம் வடிஞ்சு வெளிய வந்திருக்கு. தேருக்குப் போகாட்டியும் வந்திருக்கும். செவப்பா நெறையப் போனாலோ, வயிறு வலிச்சாலோ உடனே வரணும்."

"அப்ப நான் வச்ச சரிவு?" என்றார் தனுஷ்கோடி. டாக்டர் விவரம் கேட்டார். ரசமட்டக் கதையைக் கேட்டதும் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"படுத்துக் கெடந்தா இது நிக்கும்னு ஒரு நிரூபணமும் இல்லைங்க. ரொம்பப் படுத்தாலும் ஆகாது, கால்ல ரத்தம் கட்டும். வழக்கமா எழுதுறது, நானும் எழுதுனேன். எழுதலைன்னா, கலைஞ்சுபோனா 'டாக்டர் ஓய்வு சொல்லலையே'ம்பாங்க. எழுதுனா, பொம்பளை சரியாப் படுக்கலைம்பாங்க. என் தலை தப்பிக்கும். அது தப்புதான்."

"அப்ப அந்தக் குழவி?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை, ஆறு வருஷத்துக் கதையைச் சொன்னாள்.

"அதனால இல்ல, ஆவுடை. மூணு மாசத்துக்குள்ள போறதுல பாதிக்கு மேல கரு உண்டாகும்போதே அமைப்புல கோளாறு. குழவியால இல்ல, உன்னாலயும் இல்ல."

ஆவுடையம்மாள் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து படுத்திருந்தாள். அப்போதுதான் ஒரு விசும்பல் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தனுஷ்கோடி குலுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"அன்னைக்குப் பணியாரம் வேணும்னு நாந்தானட்டி கேட்டேன்," என்றார். "அதுக்குத்தான நீ மாவாட்டுன."

அவருக்குப் பணியாரமே பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். தட்டில் வைத்தால் நகர்த்திவிடுவார். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டாளா? அவர்தான் சொன்னாரா?

"அட எம் மனுசா," என்று அவள் மேஜையை விட்டு இறங்கினாள். அசையாதே என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.